அசலைத் தொடாத பேச்சு

இருவரும் எனக்குக் கல்லூரி நாளிலிருந்து நண்பர்கள். இந்தக் குறிப்புகளில் ஒருவனை உறையூர்க்காரன் என்றும் மற்றவனைத் திருவெறும்பூர்க்காரன் என்றும் எழுதுகிறேன். கடன் கொடுத்தவன், வாங்கியவன் என்று எழுதினால் வாசிக்க எளிதாக இருக்கும். ஆனால் அப்படி எழுதும்போதே சண்டை பணத்தைப் பற்றியதுதான் என்று நான் தீர்ப்புச் சொன்னதாகிவிடும். அது ஒருவன் சொல்லும் கதை. மற்றவன் கதையில் பணம் கடைசியில்தான் வருகிறது.

நடந்தது சின்ன விஷயம். திருவெறும்பூர்க்காரன் தன் இளைய மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக உறையூர்க்காரனிடம் 60,000 ரூபாய் கைமாற்று வாங்கியிருந்தான். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. முடிந்தபோது முடிந்ததைக் கொடுத்து, 42,000 வரை அடைத்துவிட்டான். பிறகு ஒரு பொது நண்பரின் புதுமனை புகுவிழா. மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் உறையூர்க்காரன் சிரித்துக்கொண்டே, “மொய் எழுதறது இருக்கட்டும்டா, முதல்ல என் கணக்க முடி” என்றான். மற்றவனுக்குப் பின்னால் அவனுடைய சம்பந்தி நின்றுகொண்டிருந்தார். அவன் சாப்பிடாமல் கிளம்பிவிட்டான். அதோடு பேச்சு நின்றது.

அன்று இரவே இருவரும் எனக்குப் போன் செய்தார்கள்.

*

வலிக்கிறது என்று சொல்பவனிடம் ‘ம்’ கொட்டுவது இயல்பு. ஆனால் சண்டைக் காலத்தில் ‘ம்’ வெறும் ஒலி இல்லை, சாட்சிக் கையெழுத்து. “அவனே ஒத்துக்கிட்டான்” என்று அது மறுநாள் வேறு ஒருவர் காதுக்குப் போகும். அதற்காக ஊமையாக இருக்கவும் முடியாது. பேசாமல் இருப்பவனை இருவரும் எதிர்க்கட்சியில் சேர்த்துவிடுவார்கள்.

வலியை ஒப்புக்கொள்ளலாம், வழக்கை ஒப்புக்கொள்ளக் கூடாது. “சம்பந்தி முன்னாடின்னா உனக்கு எப்படி இருந்திருக்கும்னு தெரியுதுடா” என்று சொல்லலாம். “அவன் பேசினது தப்புதான்” என்பது வேறு வகை வாக்கியம். முதலாவதை மற்றவன் எதிரிலும் கூச்சமில்லாமல் சொல்ல முடியும். இரண்டாவதைச் சொன்னால் அவன் முன்னால் அதை விழுங்க வேண்டியிருக்கும். ஒருவன் எதிரில் சொல்ல முடியாத ஒன்றை மற்றவனிடம் சொல்லும் கணத்தில் நாம் பக்கம் மாறிவிட்டோம்.

இன்னொன்றையும் முதல் நாளே சொல்லிவிட்டேன், இருவரிடமும் ஒரே சொற்களில்: “அவனும் எனக்குப் போன் பண்றான். அவன் சொல்றத உன்கிட்ட சொல்ல மாட்டேன், நீ சொல்றத அவன்கிட்ட சொல்ல மாட்டேன்.” இதை மறைத்து வைத்தால், என்றாவது தெரியவரும்போது இத்தனை நாள் கேட்டதெல்லாம் உளவு என்று ஆகிவிடும்.

*

புறநானூற்றில் இதற்கு ஒரு வழக்கே இருக்கிறது. சோழர் குடிக்குள்ளேயே சண்டை. நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் பகை. இளந்தத்தன் என்ற புலவர் நலங்கிள்ளியிடமிருந்து உறையூருக்குள் போகிறார். அங்கிருந்து வந்தவர் என்ற ஒரே காரணத்தால் நெடுங்கிள்ளி அவரை ஒற்றர் என்று கருதிக் கொல்லப் போகிறான். கோவூர்கிழார் பேசி அவரைக் காப்பாற்றியதாக 47ஆம் பாடலின் குறிப்பு சொல்கிறது. இளந்தத்தன் எந்தச் செய்தியையும் சுமந்து வந்ததாக அதில் இல்லை. இரண்டு வாசலிலும் அவர் நுழைந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

அதே கோவூர்கிழார் 45ஆம் பாடலில் வேறு விதமாக நடந்துகொள்கிறார். நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், நெடுங்கிள்ளி கோட்டைக்குள் அடைந்து கிடக்கிறான். புலவர் ஒருவன் சொன்னதை மற்றவனிடம் கொண்டுபோகவில்லை. இருவரையும் சேர்த்து விளித்து ஒரே பேச்சைப் பேசுகிறார்: நீங்கள் இருவரும் அணிவது ஆத்திப் பூதான், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடி. பக்கத்துக்கு ஒரு பேச்சு இல்லாததால் அதில் ஒற்று பார்க்க யாருக்கும் இடமில்லை.

எங்கள் உறையூர்க்காரனுக்கு இது எதுவும் தெரியாது. சொன்னால் சிரிப்பான்.

*

நான் நீண்ட நேரம் யோசித்தது இந்த இடத்தில்தான்.

சில வாரங்கள் கழித்து உறையூர்க்காரன் வேறொன்றைச் சொன்னான். அவன் அம்மா இறந்தபோது திருவெறும்பூர்க்காரன் எடுப்புக்கு வந்தான், ஆனால் பதினாறாம் நாள் காரியத்துக்கு வரவில்லை. “எங்கம்மா கையால எத்தன நாள் சாப்பிட்டிருப்பான்” என்றான். மொய் மேசையில் பேசியது விளையாட்டுப் பேச்சு இல்லை என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கேட்டது பணம் என்றாலும் அவனுக்கு வர வேண்டிய பாக்கி வேறு.

மற்றவன் ஏன் வரவில்லை என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். அந்த மாதம் அவனால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க முடியவில்லை. கடன் பாக்கியோடு அந்த வீட்டுப் பந்தியில் உட்கார வெட்கப்பட்டிருக்கிறான். அதை அவன் என்னிடம் சொல்லியிருந்தான், வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆக, பூட்டு ஒருவனிடமும் சாவி மற்றவனிடமும் இருக்க, நடுவில் நான் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே வாக்கியம் போதும். சொல்லிவிடலாமே என்று கை பரபரத்தது.

சொன்னால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். உறையூர்க்காரன் முதலில் நெகிழ்வான். அடுத்து, “இத என்கிட்ட சொல்லாம உன்கிட்ட சொன்னானா?” என்று கேட்பான். பழைய காயத்துக்கு மருந்து போட்ட கையோடு புதுக் காயம் ஒன்று வந்துவிடும். மற்றவனுக்கோ அது வெட்கத்தை என்னிடம் ஒப்படைத்ததற்குக் கிடைத்த தண்டனை. எல்லாவற்றையும்விட, அந்த வாக்கியத்துக்கு மதிப்பு வருவதே அதைச் சொல்ல அவன் பட வேண்டிய கஷ்டத்தால்தான். என் வாயிலிருந்து அது வெறும் தகவலாக வரும்.

நல்ல செய்தியைக் கொண்டுபோவதில் தவறில்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். “அவன் உள்ளுக்குள்ள வருத்தப்படுறான்பா” என்பதுபோல. ஆனால் நம் வழியே வந்த வருத்தம் கேட்டவனை, அசல் எப்போது வரும் என்று காத்திருக்க வைக்கிறது. அனுப்பியவனோ தன் பங்கு முடிந்தது என்று உட்கார்ந்துவிடுகிறான்.

சென்னை உயர் நீதிமன்றத்தின் சமரச மையம் 2005இல் தொடங்கியது. அங்கே சமரசர்கள் இரு தரப்பையும் தனித்தனியாக அழைத்துப் பேசுவதுண்டு. அந்தப் பேச்சில் சொன்னதை, சொன்னவர் சம்மதம் இல்லாமல் எதிர்த்தரப்பிடம் சொல்லக் கூடாது என்பது அந்தத் தொழிலின் அடிப்படை. ஆகவே ‘இதில் எதை நான் அவரிடம் சொல்லலாம்?’ என்று கேட்டு, சம்மதித்ததை மட்டும் எடுத்துச் செல்வார்கள். அது அவர்கள் வேலை, வழக்கு முடிந்ததும் அவர்கள் எழுந்து போய்விடலாம். நண்பன் அப்படி எழுந்து போக முடியாது. அவன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: “இத நீ எப்ப அவன்கிட்ட சொல்லப்போற?”

அதைக் கேட்டேன். திருவெறும்பூர்க்காரன் போனை வைத்துவிட்டான்.

*

மர்ரே போவன் (1913–1990) என்ற அமெரிக்க மனநல மருத்துவர் குடும்பங்களைக் கவனித்து ஒன்றைச் சொன்னார். இருவருக்கு இடையே இறுக்கம் கூடினால் அவர்கள் மூன்றாமவர் ஒருவரை உள்ளே இழுப்பார்கள், இறுக்கம் கொஞ்சம் தணியும். தணிவதால்தான் பிரச்சினை அப்படியே நீடிக்கிறது. மூன்றாமவர் இருவரோடும் உறவை விடாமல், இருவர் பக்கமும் சாயாமல் இருந்தால் அந்த இறுக்கம் அவர்களுக்குள்ளேயே தீர வழி உண்டு என்பது அவர் கருத்து.

எனக்கு இது வட்டி மட்டும் கட்டிக்கொண்டு அசலைத் தொடாத கடனாகத் தெரிகிறது. வாராவாரம் என்னிடம் கொட்டிவிட்டுப் போனால் அந்த வாரத்துச் சுமை இறங்கும். அசல் அசையாது.

அப்படித்தான் நடக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கலாம். அதே கதை திரும்ப வரும், ஒவ்வொரு முறையும் இன்னும் சீராக, இன்னும் நல்ல வசனங்களோடு. பேசி முடித்ததும் “உன்கிட்ட பேசினா லேசா இருக்குடா” என்பார்கள். நமக்கும் அது பிடித்திருக்கும். இருவரும் நம்பும் ஒரே ஆள் என்ற பெருமை மெல்ல ஒட்டிக்கொள்ளும். சண்டை தீர்ந்தால் அந்தப் பதவி போய்விடும் என்பதை நடுவில் இருப்பவர்கள் ஒப்புக்கொள்வதில்லை.

அதன் பிறகு கேட்கும் நேரத்தைக் குறைத்தேன். உறவைக் குறைக்கவில்லை. “இத நீ சொல்லிட்ட, அவன்கிட்ட எப்ப?” என்று கேட்டுவிட்டு, கிரிக்கெட்டுக்கோ என் முழங்கால் வலிக்கோ பேச்சை மாற்றினேன். ஸ்கிரீன்ஷாட் வந்தால் திறக்கவில்லை என்று சொல்லிவிட்டுத் திறக்காமலே இருந்தேன். உறையூர்க்காரன் ஒருநாள் ஒரு நீண்ட வாட்ஸ்அப் செய்தியை எழுதி, “இத அனுப்பலாமான்னு பாரு” என்றான். பார்க்கவில்லை. நான் ஒரு சொல்லைத் திருத்தினால் அது நான் எழுதிய கடிதம்.

18,000 ரூபாயை நானே கொடுத்து முடித்துவிடலாமா என்றும் ஒரு நாள் தோன்றியது. அவர்களுக்கு இடையில் பாக்கி இருக்கும் ஒரே கயிறு அதுதான் என்பதால் விட்டுவிட்டேன்.

*

பக்கம் சாயாதவனுக்குக் கருத்தே இருக்கக் கூடாது என்றில்லை. மொய் மேசையில் பேசியது அழகில்லை என்று உறையூர்க்காரனிடமே சொன்னேன். காரியத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று மற்றவனிடமே சொன்னேன். செய்தவன் முகத்துக்கு நேரே, அவன் செய்ததைப் பற்றி மட்டும். எதிராளியிடம் சொன்னால்தான் அதே கருத்து ஆயுதமாகிறது.

இவ்வளவும் சமமான இருவர் சண்டைக்குத்தான் பொருந்தும். ஒருவன் மற்றவனை அடிக்கிறான், மிரட்டுகிறான், திட்டமிட்டு ஏமாற்றுகிறான் என்றால் நடுநிலை என்று ஒன்று கிடையாது. அங்கே அடிபடுபவன் பக்கம் நிற்க வேண்டும், அதை வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும்.

*

இருவரையும் திடீரென்று எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துவது சினிமாவில் நன்றாக இருக்கும். வாழ்க்கையில் அது பொறி. நான் இருவருக்கும் ஒரே செய்தியை, மூவரும் இருக்கும் குழுவிலேயே போட்டேன்: “ஞாயிறு காலை முக்கொம்பு போறேன். ரெண்டு பேரையும் கூப்பிடறேன். ரெண்டு பேரும் வர்றீங்கன்னா மட்டும்தான் போறது.” என் வீட்டுக்குக் கூப்பிடவில்லை. வீட்டில் காபி வரும், என் மனைவி வருவாள், எல்லோரும் மரியாதையாக நடந்துகொள்வார்கள், ஒன்றும் நடக்காது. அணைக்கரையில் நடந்துகொண்டே பேசலாம். பக்கத்தில் நடப்பவன் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

முதல் ஞாயிறு ஒருவன் மட்டும் சரி என்றான், போகவில்லை. பிறகு ஒரு ஞாயிறு மூவரும் போனோம். “பணத்தக் கடைசியா பேசுங்கடா” என்று மட்டும் சொல்லிவிட்டு, வறுத்த மீன் கடைப் பக்கம் போய்விட்டேன்.

என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. பதினாறாம் நாள் விஷயம் சொல்லப்பட்டதா என்பதும் தெரியாது. அவர்கள் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. இப்போது இருவரும் எனக்கு முன்பைவிடக் குறைவாகவே போன் செய்கிறார்கள். அந்த 18,000இல் இன்னும் 6,000 பாக்கி.