கேட்கும் காதுக்கும் முத்திரை வேண்டுமா?

மனக் கஷ்டத்தில் இருப்பவனுக்கு ஆறுதல் சொல்லப் பட்டம் எதற்கு என்று தெப்ராவில் நம் வியாபாரிகள் சிலர் கேட்கிறார்கள். ஆறுதல் சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. கூலி வாங்கிக்கொண்டு, கதவைச் சாத்தி, பிறன் மனத்தைத் திறக்கச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதே விஷயம்.

துணி வாங்குகிறவன் விரலால் நெருடிப் பார்ப்பான்; அரிசியைக் கடித்துப் பார்ப்பான். எடையை மாத்திரம் அவனால் சோதிக்க முடியாது. ஆகவேதான் நம் தராசில் முத்திரை. மனச் சிகிச்சை முழுவதுமே எடையைப் போன்றது. தூக்கமிழந்து கலங்கி வருகிறவன் அதன் தரத்தை எங்ஙனம் அறிவான்?

மலேசியாவில் 1998-ஆம் ஆண்டுக் கவுன்செலர் சட்டம், அதாவது 580-ஆவது சட்டம், இதற்காகவே உள்ளது. (நகரசபைக் கவுன்சிலர் வேறு, இவர் வேறு!) கவுன்செலர் வாரியத்தில் பதிவும் வேண்டும், தொழில் நடத்தும் சான்றிதழும் வேண்டும். பெயருக்குப் பின்னே கே.பி., பி.ஏ. என்று போடுவார்கள். இந்தப் பி.ஏ. காலேஜ் பட்டமன்று, அந்தச் சான்றிதழின் மலாய்ப் பெயர்ச் சுருக்கம். 'சைக்கோதெரபிஸ்ட்', 'லைஃப் கோச்' என்ற பெயர்களுக்கு இச்சட்டம் வேலி போடவில்லை. பலகையில் அதை மட்டும் கண்டால் உஷாராக இருக்க வேண்டும்.

பதிவுக்கு முன் படிப்பு; படிப்புக்குள் மேற்பார்வையோடு பழகும் மணிநேரம். அமெரிக்காவில் இப்பயிற்சிகளை அங்கீகரிக்கும் காக்ரெப் என்ற அமைப்பு முதலில் 100 மணி கேட்கிறது. அதில் 40 மணி நேரில் வந்தவரோடு. பிறகு 600 மணி. அதில் 240 நேரில். வாராவாரம் மூத்தவர் ஒருவர் விசாரிப்பார்.

இத்தனை மணி எதற்கு? கடை முறிந்துபோன ஒருவர் வந்து, "இனி யாருக்கும் தொல்லை தரமாட்டேன்" என்கிறார் என வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர் என்ன சொல்வார்? "அப்படிப் பேசாதீங்க பாய், பிள்ளைகளை நினைச்சுப் பாருங்க" என்பார். வந்தவர் வாயை மூடிக்கொள்வார். மனம் தெளிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் கதவு சாத்தப்பட்டது. பழகியவர் நேராகக் கேட்பார்: "உயிரை விடும் எண்ணம் உண்டா? எப்படி என்று யோசித்தீர்களா? அதற்கான பொருள் கையில் இருக்கிறதா?" கேட்பதால் அந்த எண்ணம் முளைக்காது. பதிலைப் பார்த்து, பொருளை அகற்றவும், வீட்டாரைச் சேர்த்துக்கொள்ளவும், ஆஸ்பத்திரிக்கு அனுப்பவும் ஏற்பாடாகும். புதியவருக்கோ நாக்கு எழாது. பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார். மேற்பார்ப்பவர் ஒலிப்பதிவைக் கேட்டு, "இந்த இடத்தில் ஏன் பேச்சை மாற்றினாய்?" என்பார். இப்படித் திருந்துவதற்கே அந்த மணிநேரம்.

பட்டம் உள்ளவரிலும் கெட்டவர் உண்டே என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அவர்மீது வாரியத்தில் புகார் கொடுக்கலாம். விசாரித்துப் பெயரை நீக்க வாரியத்துக்கு அதிகாரம் உண்டு. மற்றவர் பலகையைக் கழற்றி, மூன்று கடை தள்ளி வேறு பெயரில் மாட்டுவார். எனவே முதல் நாளே பதிவெண்ணைக் கேட்டு, வாரியப் பட்டியலில் பாருங்கள். பதிவு உள்ளவர் அதற்குக் கோபிக்கமாட்டார்.