சிரிப்பு யார்மேல் விழுகிறது?

சிவன் கோயில்களையும் நாயன்மார் வரலாறுகளையும் சொல்லும் ஒரு சேனலுக்கு ரீல்ஸ் எழுதிக் கொடுக்கிறேன். வாரம் தவறாமல் ஒரு கேள்வி எங்கள் முன் வந்து நிற்கும். எல்லோர் போனிலும் ஓடும் காமெடி வசனத்தையோ குத்துப் பாட்டையோ நாமும் எடுத்துக்கொள்ளலாமா? எடுத்தால் இளைஞர்கள் பார்ப்பார்கள். சாமி விளையாட்டுப் பொருளாகிவிடுமோ என்ற அச்சமும் கூடவே வரும். இந்தக் கேள்விக்கான வழியைத் திருவாசகத்தில்தான் கண்டேன்.

மாணிக்கவாசகர் அம்மானை, ஊசல், உந்தி என்று பெண்கள் ஆடிப் பாடிய விளையாட்டுகளின் மெட்டையும் வடிவத்தையும் எடுத்துப் பதிகம் ஆக்கினார். ஊரில் ஓடிக்கொண்டிருந்த வடிவத்தில் இறைவனை ஏற்றினார். அவற்றில் திருச்சாழல் தனிச் சுவை உடையது. ஒரு பெண் சிவனைக் கேலி செய்கிறாள்: சாம்பலைப் பூசிக்கொள்கிறான், பாம்பை அணிகிறான், நஞ்சைக் குடித்தான், இதெல்லாம் என்ன கோலம்? இன்னொருத்தி விடை சொல்கிறாள்: அவன் அந்த நஞ்சை உண்ணாதிருந்தால் தேவர்கள் எல்லோருமே மாண்டிருப்பார்கள். பாட்டின் முதல் பாதி கேள்வி, மறுபாதி விடை. கேலியைத் தனியாகக் கத்தரித்துக் கொண்டுபோக முடியாது, விடை அதே பாட்டுக்குள் இருக்கிறது. முப்பது நொடி ரீலுக்கு இதைவிட நல்ல இலக்கணம் எனக்குக் கிடைக்கவில்லை. கேலியை இன்று போட்டு, விளக்கத்தை ‘பார்ட் 2’வில் தருகிறேன் என்று சொல்லக் கூடாது. கேலியைப் பார்த்த பலருக்கு அந்தப் பார்ட் 2 போய்ச் சேருவதே இல்லை.

சுந்தரர் மட்டும் சிவனைக் கிண்டல் செய்யவில்லையா என்று கேட்பார்கள். செய்தார். காஞ்சிபுரம் ஓணகாந்தன்தளியில் பொன் கேட்டுப் பாடும்போது கங்கை, பிள்ளையார், முருகன், அம்பிகை என்று அந்தக் குடும்பத்தையே ஒருவர் விடாமல் சீண்டுகிறார். ஆனால் அவர் தம்பிரான் தோழர். தோழனின் முகத்தைப் பார்த்து, அவனிடமே பேசிய கேலி அது. நாம் சாமியைப் பற்றி முன்பின் அறியாத ஆயிரம் பேரிடம் பேசுகிறோம். அந்த உரிமை நமக்குத் தானாக வந்துவிடாது. அதனால் எங்கள் ரீல்களில் சிரிப்பு எப்போதும் பக்தனாகிய நம்மீதுதான் விழ வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

சண்டிகேஸ்வரர் ரீலை எடுத்துக்கொள்கிறேன். கருவறைக்கு வடக்கே, கோமுகி அருகே இருக்கும் சிறிய சன்னதி அவருடையது. அங்கே போகிறவர்களில் பலர் பலமாகக் கை தட்டுவார்கள், சொடுக்குப் போடுவார்கள், புடவையிலிருந்தோ வேட்டியிலிருந்தோ ஒரு நூலைப் பிய்த்துப் போடுவார்கள். அவருக்குக் காது கேட்காது என்று பலர் நம்புகிறார்கள். சிவனுடைய சொத்துக்குக் காவலர் அவர்; தியானத்தில் இருப்பவரிடம் ‘இங்கிருந்து எதையும் எடுத்துப் போகவில்லை’ என்று வெறுங்கையை மெதுவாகத் துடைத்துக் காட்டுவதே முறை என்பது பெரியவர்கள் சொல்லும் விளக்கம்.

காது கேட்காத ஒருவரிடம் இன்னொருவர் கத்திக் கத்திப் பேசும் காமெடி ஆடியோ ஒன்று அப்போது ஓடிக்கொண்டிருந்தது. சன்னதி முன் நின்று அதற்கு வாயசைத்தால் பொருத்தமாக இருக்கும் என்றார் எங்கள் எடிட்டர். பொருத்தம்தான். ஆனால் அந்த ஆடியோவில் சிரிப்புக்கு ஆளாகிறவர் காது கேளாதவர். அந்த இடத்தில் சண்டிகேஸ்வரரை நிறுத்தினால், எந்தத் தவறான நம்பிக்கையைத் திருத்த வந்தோமோ அதையே பரப்பியவர்கள் ஆவோம். காது கேளாத மனிதர்களும் அதைப் பார்ப்பார்கள் என்பது அடுத்த கவலை.

ஆடியோவை விடவில்லை, ஆளை மாற்றினோம். கோயிலுக்கு வெளியே ஒரு டீக்கடை. ஹெட்போன் மாட்டிய ஒரு பையனிடம் நண்பன் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறான், அவனுக்கு ஒன்றும் ஏறவில்லை. காமெடி வசனம் முழுக்க இவர்கள் இருவருக்குள்தான். பையன் ஹெட்போனைக் கழற்றி ‘என்னடா சொன்ன?’ என்று கேட்கிறான். ‘சண்டிகேஸ்வரர்கிட்ட கை தட்டாதடான்னு பத்து வாட்டி சொன்னேன். கேட்காதது அவருக்கா, உனக்கா?’ அந்த நொடியில் ஆடியோ நிற்கிறது. அதன்பின் கங்கைகொண்ட சோழபுரத்துச் சிற்பத்தின் படம்: சிவன் தன் கையாலேயே சண்டீசர் தலையில் மாலை சுற்றும் காட்சி, 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. மண்ணியாற்றங்கரையில் பசு மேய்த்த விசாரசருமர் மணலில் லிங்கம் செய்து பாலாட்டியதையும், பால் குடத்தை இடறிய தந்தையின் காலை வெட்டியதையும், இறைவன் அவருக்குத் தன் மாலையைச் சூட்டி அடியார்க்கெல்லாம் தலைமை தந்ததையும் மூன்று வரியில் சொல்லி முடித்தோம்.

இதிலிருந்து ஒரு வழக்கம் உறுதியானது: ட்ரெண்டிங் ஒலி கோபுரத்துக்கு வெளியே நிற்கும், மூர்த்தியின் உருவம் வருவதற்கு முன் அது முடிந்துவிடும். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. சன்னதிக்குள் கேமரா இல்லை என்பது எங்களுக்குக் குறையாகத் தெரியவில்லை. விளையாட்டு எங்கே முடிய வேண்டும் என்ற எல்லையை அது போட்டுக் கொடுக்கிறது.

ஒலிக்கு நினைவு உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு பாட்டின் எட்டு நொடித் துண்டு இனிமையாக இருக்கலாம், பார்ப்பவர் மனதில் ஒன்பதாம் நொடியும் ஓடும். ஆகவே எடுப்பதற்கு முன் பாட்டை முழுவதும் கேட்கிறோம். இன்ஸ்டாகிராமில் ஆடியோவின் பெயரைத் தொட்டால் அதை வைத்து மற்றவர்கள் செய்த ரீல்கள் வரிசையாக வரும். அவற்றில் பலவும் ஒரு பெண்ணையோ ஒரு சாதியையோ உடலையோ கேலி செய்தால் அந்த ஒலி வேண்டாம். நம் ரீலும் அந்த வரிசையில்தான் போய் உட்காரும். இதன் மறுபக்கமும் உண்டு. ஓதுவார் ஒருவரின் குரலைத் தனி ஒலியாகப் போட்டால், அதை வேறொருவர் எடுத்துக் குடிகாரன் காட்சிக்குப் பின்னணி ஆக்கலாம். அதனால் பதிகத்தை வெறும் ஒலியாக விடுவதில்லை. விளக்கக் குரலோடு பின்னி, ரீமிக்ஸ் அனுமதியையும் அணைத்து வைக்கிறோம்.

சேலஞ்சுகளுக்கு எங்களிடம் ஒரே சோதனை: கேமராவை அணைத்த பிறகும் அந்தச் செயலுக்குப் பொருள் இருக்கிறதா? பிராகாரத்தில் ஆடுவதும், நேர்த்திக்கடனை எண்ணிக்கைப் போட்டியாக்குவதும் இதில் தேறவில்லை. ‘நாளுக்கு ஒரு பாட்டு, பதிகம் முடியும்வரை மனப்பாடம்’ என்பது தேறியது. ஒரு பதிகத்தில் பெரும்பாலும் பத்தோ பதினொன்றோ பாட்டுகள்தான், பள்ளிப் பிள்ளைகளால் முடியும். வீடியோ அனுப்பாதவருக்கும் பாட்டு மிஞ்சும்.

ரீல் தடம் மாறியதைக் கண்டுபிடிக்கப் பார்வை எண்ணிக்கை உதவாது. எந்த நொடியில் ஆட்கள் விலகுகிறார்கள் என்ற வரைபடத்தைப் பார்க்க வேண்டும். காமெடி முடிந்த இடத்தில் கோடு செங்குத்தாக விழுந்தால், விடைக்கு யாரும் காத்திருக்கவில்லை என்று பொருள். கதையை இன்னும் சுருக்குவது அதற்கு மருந்தாகாது. விடை காமெடிக்குள்ளேயே, அதன் கடைசி வசனமாகவே வர வேண்டும், டீக்கடை நண்பனின் கேள்வியைப் போல.

அப்படியும் சில விஷயங்கள் அடங்காது. லிங்கத்தின் பொருள், பிறப்பு இறப்புச் சடங்குகள், ஒருவர் அழுது வேண்டிக்கொள்ளும் பிரார்த்தனை போன்றவற்றுக்குப் பாட்டின் மறுபாதியை முப்பது நொடிக்குள் எங்களால் எழுத முடியவில்லை. எழுத முடியாதபோது முதல் பாதியையும் எழுதுவதில்லை. அந்த வாரம் ட்ரெண்ட் எங்களைத் தாண்டிப் போகும். போகட்டும்.