வரிக்கல்லில் பன்னீரும் கத்தரிக்காயும்

கம்பத்தில் போய் 'பன்னீர்' என்று கேட்டால் முதலில் திராட்சையைத்தான் காட்டுவார்கள். 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பன்னீர் திராட்சையின் ஊர் அது. நான் சொல்ல வருவது பாலைத் திரித்து எடுக்கிற பன்னீரை. தேனியில் இப்போது சின்னப் பால் கடையில்கூட அது கிடைக்கிறது. அதோடு கிரில் பேன் என்று ஒரு சாமானும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. தோசைக்கல் போலத்தான் இருக்கும், அடியில் மட்டும் வரிவரியாக மேடு. எங்கள் வீட்டில் அதற்கு வரிக்கல் என்று பெயர் வைத்தாயிற்று.

வதக்குவது, வறுப்பது, பொரிப்பது, வாட்டுவது, சுடுவது என்று நம்மிடம் ஐந்தாறு சொற்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் எண்ணெயும் தண்ணீரும் நடந்துகொள்ளும் விதம் வேறு. வரிக்கல் வேலை வாட்டுவதற்கும் சுடுவதற்கும் நடுவில் வருகிறது. இதைத் தோசைக்கல்லின் இன்னொரு வகை என்று நினைத்து வதக்கப் பார்ப்பவர்களுக்குத்தான் முதல் தடவை சொதப்புகிறது. எனக்கும் அப்படித்தான் ஆனது. அரைக் கரண்டி எண்ணெயை ஊற்றினேன். அது பள்ளத்தில் தேங்கிப் புகைந்தது, மேட்டில் ஒட்டவே இல்லை. ஈரம் போகாத பன்னீரை மேலே வைத்ததும் வெள்ளைத் தண்ணீர் கக்கி, பள்ளமெல்லாம் நிறைந்து, கடைசியில் அவித்த பன்னீரைத்தான் சாப்பிட்டோம்.

காரணம் தண்ணீர்தான். பன்னீரில் ஈரம் 60 சதவீதம் வரை இருக்கலாம் என்று உணவுத் தர விதியே அனுமதிக்கிறது. பாதிக்கு மேல் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறம் வர 140 டிகிரியாவது வேண்டும். ஆகவே மேற்பரப்பு ஈரம் நொடியில் ஆவியாகிப் போகும் அளவுக்குக் கல் காய்ந்திருக்க வேண்டும். அந்த ஆவி வெளியேறப் பள்ளம் காலியாக இருக்க வேண்டும். வரியின் வேலையே அதுதான். கோடு விழுவது அதனால் கிடைக்கிற அழகு.

சூட்டிலிருந்து தொடங்கலாம். வார்ப்பிரும்புக் கல்லை நடுத்தரத் தீயில் ஐந்து நிமிடம் காய விடுங்கள். பெரிய தீயில் இரண்டு நிமிடம் என்ற குறுக்குவழி இங்கே எடுபடாது. வார்ப்பிரும்பில் சூடு மெதுவாகத்தான் பரவும். தீ படும் நடுப்பகுதி கொதிக்கும்போது ஓரம் பச்சையாகவே கிடக்கும். காய்ந்ததா என்று பார்க்க விரலை நனைத்து ஒரு சொட்டு உதறுங்கள். அது பரவி மெதுவாகச் 'சர்ர்' என்று கிடந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. பட்டதும் சீறி மறைந்தால் சரி. முத்து முத்தாக உருண்டு ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது, தீயைக் குறைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். நான்ஸ்டிக் கல்லுக்கு இந்தக் கணக்கு ஆகாது. வெறுமையாக நெடுநேரம் காய்ந்து 260 டிகிரியைத் தாண்டினால் அதன் பூச்சு கெடத் தொடங்கும். அதற்கு இரண்டு நிமிடமே அதிகம், நிறமும் சுமாராகத்தான் வரும்.

எண்ணெய் கல்லுக்கு வேண்டாம், காய்க்குத் தடவுங்கள். 200 கிராம் பன்னீருக்கு ஒரு டீஸ்பூன், 250 கிராம் கத்தரிக்காய்க்கு இரண்டு டீஸ்பூன் போதும். கத்தரிக்காய்க்கு ஏன் இரட்டிப்பு என்றால் அதன் சதை பஞ்சு மாதிரி, காற்றறை நிறைந்தது. ஊற்றினால் ஊற்றியதை எல்லாம் குடித்துவிடும். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வட்டமாக நறுக்கி, உப்புத் தூவி, கால் மணி நேரம் வைத்தால் மேலே வியர்த்தது போலத் தண்ணீர் கசியும். துணியில் ஒற்றி எடுத்துவிட்டு எண்ணெய் தடவினால் அது மேலோடு நிற்கும். செக்கு நல்லெண்ணெய் மணமாக இருந்தாலும் சீக்கிரம் புகையும். ஆகவே கல்லுக்குப் போகும் முன் ரீஃபைன்ட் கடலை எண்ணெயைத் தடவி, இறக்கிய பிறகு நல்லெண்ணெயில் நாலு சொட்டு விடுவேன்.

பன்னீரைத் துணியில் சுற்றி, மேலே கனமான பாத்திரம் ஒன்றை வைத்து இருபது நிமிடம் விடுங்கள். பிறகு 200 கிராம் கட்டியை ஆறு துண்டாக, ஒன்றரை சென்டிமீட்டர் கனத்தில் நறுக்குங்கள். அதைவிட மெலிந்தால் திருப்பும்போது உடையும். மஞ்சள், உப்பு, எண்ணெய் மட்டும் தடவினாலே போதும். மிளகாய்த்தூள் கல்லில் கருகினால் வீடே கமறும், இருமல் நிற்காது. கட்டாயம் வேண்டுமென்றால் எண்ணெயில் குழைத்து, இறக்கும் தறுவாயில் தடவுங்கள்.

துண்டுகளை வரிக்குக் குறுக்கே, ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். இதுதான் கஷ்டமான வேலை. மேற்பரப்பு உலர்ந்து நிறம் பிடிக்கும்வரை அது இரும்பை விடாது. பிடித்தபின் தானே விடும். கரண்டியால் ஒரு மூலையைத் தூக்கிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் இன்னும் அரை நிமிடம் விடுங்கள். பிரிந்து வந்தால் திருப்பலாம். மறுபுறத்துக்கு ஒன்றரை நிமிடம் போதும். புளிப்புச் சேர்த்துத் திரித்த பாலானதால் பன்னீர் சீஸ் போல உருகாது, எத்தனை நேரம் வைத்தாலும் வடிவம் மாறாது. அதை நம்பி விட்டுவிட்டால் உள்ளிருக்கும் ஈரம் முழுக்கப் பிழிந்து, ரப்பர் மாதிரி ஆகிவிடும்.

கத்தரிக்காய்க்கு அதே தீயில் முதல் பக்கம் நாலு நிமிடம், அடுத்த பக்கம் மூன்று. நடுவில் குத்திப் பார்க்காதீர்கள், அது எப்போதும் முதலில் வெந்துவிடும். தோலை ஒட்டிய ஓரத்தில் குச்சி தடையில்லாமல் இறங்க வேண்டும். குடைமிளகாய்க்கு இவ்வளவு பாடு இல்லை, தோல் பக்கம் கீழே மூன்று நிமிடம் வைத்தால் ஆயிற்று. வாழைக்காயில்தான் ஏமாறுவோம். சின்னமனூர்ப் பக்கம் தோட்டம் தோட்டமாக வாழை, காய்க்குப் பஞ்சமில்லை என்று பச்சையாகவே நறுக்கி வைத்தால் வெளியே கோடு கருக்கும், உள்ளே நறநறக்கும். மஞ்சள் உப்புத் தண்ணீரில் ஏழு நிமிடம் அரை வேக்காடு வேகவிட்டு, ஆறி உலர்ந்த பிறகு பக்கத்துக்கு மூன்று நிமிடம் வாட்டுங்கள்.

எல்லாக் கணக்கும் சரியாக இருந்தும் ஆனி, ஆடியில் தேனிப் பக்கத்து அடுப்படிகளில் ஒரு தொல்லை வரும். கணவாய் வழியே இறங்குகிற தென்மேற்குக் காற்று ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுற்றுகிற கையோடு நம் ஜன்னலுக்குள்ளும் நுழையும். தீ ஒரு பக்கமாகச் சாயும். போன ஆடியில் ஆறு துண்டு வைத்தேன். ஜன்னலோரம் இருந்த இரண்டும் மூன்று நிமிடம் கழித்தும் வெளுத்தே கிடந்தன, மற்ற நாலும் சிவந்துவிட்டன. துண்டில் குறையில்லை, கல்தான் அந்தப் பக்கம் காயவில்லை. ஜன்னலை முழுக்கச் சாத்தினால் புகை போக வழியில்லை. காற்று வரும் பக்கத்துக் கதவை மட்டும் ஒருக்களித்துச் சாத்திவிட்டு, காயும்போதே இரண்டரை நிமிடத்தில் கல்லை அரைச்சுற்றுத் திருப்பி வைத்தேன். அடுத்த முறை ஆறும் ஒரே நிறம்.

இரண்டாவது ஈடு போடும் முன் ஒரு நிமிடம் கல்லை வெறுமையாக விடுங்கள், முதல் ஈடு அதன் சூட்டைத் தின்றிருக்கும். பள்ளத்தில் கருகி நிற்கும் துணுக்கை அப்போதே மரக்கரண்டி முனையால் சுரண்டிவிட வேண்டும், இல்லையென்றால் அந்தக் கசப்பு அடுத்த பன்னீரில் ஏறும். எல்லாம் முடிந்து, கை பொறுக்கும் சூடு இருக்கும்போதே வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் வரி வழியே தேய்த்துக் கழுவி, மறுபடி அடுப்பில் ஏற்றி ஈரம் சுண்டவிட்டு, அரை டீஸ்பூன் எண்ணெயைத் துணியில் தொட்டுத் தடவிக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.