மணியும் அச்சும் திரையும்

தொலைக்காட்சியில் எது காட்டப்படுகிறது என்பதைக் குறித்தே நாம் பெரும்பாலும் கவலைப்படுகிறோம். தீயவற்றை நீக்கி நல்லவற்றை வைத்துவிட்டால் போதும் என்று எண்ணுகிறோம். 1937-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த கனடா நாட்டுப் பேராசிரியர் மார்ஷல் மெக்லூகன், 1964-இல் வெளியிட்ட நூலில் இவ்வெண்ணத்தை மறுத்தார். ஊடகம் சுமந்துவரும் செய்தியைவிட அந்த ஊடகமே மனிதரின் பழக்கங்களையும் உறவுகளையும் அதிகமாக மாற்றுகிறது என்பது அவர் கருத்து. அதை நம் முத்துக்குளித்துறையின் வரலாற்றிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். 1542-இல் இக்கரைக்கு வந்த புனித சவேரியார், மணியடித்து மக்களைக் கூட்டி, கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர்கள் ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள். அங்கே கட்டளை ஊரின் உடைமை. தனித்து நின்று அதைச் சிந்திக்க இடமில்லை. அடுத்த கட்டளை வந்துவிடும்.

பின்னர் அண்டிரிக் அடிகளார் அதே மறையுண்மைகளைத் தமிழ் எழுத்தில் அச்சேற்றினார். 1578-இல் கொல்லத்தில் வெளியான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கங்கள் கொண்டது. பாவசங்கீர்த்தனத்திற்கு ஆயத்தம் செய்விக்கும் நூல் 1580-இல் வந்தது. இப்போது கட்டளை தாளில் அசையாமல் நிற்கிறது. வாசிப்பவர் அவ்வரியில் விரலை வைத்து, நேற்று அண்டை வீட்டாரைப் பற்றிச் சொன்னதை நினைத்துப் பார்க்கலாம். பக்கத்தைப் பின்னோக்கியும் புரட்டலாம். கட்டளை மாறவில்லை, அதன்முன் தனியாக நிற்கும் ஒரு மனச்சான்று உருவாக வழி பிறந்தது.

ஆனால் இதை மிகைப்படுத்தலாகாது. அன்று எழுத்தறிந்தோர் மிகச் சிலரே. ஒருவர் உரக்க வாசிக்கப் பலர் கேட்டதால், அச்சிட்ட நூலும் நெடுங்காலம் பாதி மணியோசையாகவே இருந்தது. படிக்கத் தெரிந்த கண்கள் பெருகும்வரை அச்சின் ஆற்றல் அடங்கியே கிடந்தது. மெக்லூகனைப் போற்றுவோர் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள்.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் ஆலயங்கள் அடைபட்டபோது, நம் மக்கள் திருப்பலியைத் திரையில் கண்டனர். சொற்களில் ஒன்றும் குறையவில்லை. ஆயினும் திரை நம் வேகத்திற்கு நிற்பதில்லை. பொய்ச்சாட்சியைப் பற்றிய மறையுரை உள்ளத்தைத் தொடும் நொடியிலேயே அடுத்த வாக்கியம் வந்துவிடுகிறது. மேலும், திரை முதலில் காட்டுவது முகத்தை. பின்னர் வீடு மந்திரிக்கச் சென்ற இடங்களில், எந்தச் சாமியார் நன்றாகப் பிரசங்கிக்கிறார் என்று பலர் சொன்னார்கள். அவர் என்ன சொன்னார் என்று கேட்டோம், சிரித்தார்கள். நம்மையும் அப்படித்தான் எடை போட்டிருப்பார்கள், ஐயமில்லை!

ஒரு வீட்டில் மட்டும், திரைக்கு முன் பாட்டி ஒருவர் முழந்தாளிட்டு எல்லாப் பதிலுரைகளையும் உரக்கச் சொல்வாராம். அருகில் பேரன் நாற்காலியில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருப்பானாம். பாட்டி மணியோசையில் வளர்ந்தவர். பேரன் திரையில் வளர்ந்தவன். இருவருக்கும் அன்று ஒரே திருப்பலிதான் ஒளிபரப்பானது.