ரிசல்ட் வந்த அன்று

பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில், பிள்ளை பார்ப்பதற்கு முன்பே மதிப்பெண் அப்பாவின் செல்லுக்குக் குறுஞ்செய்தியாக வந்துவிடுவதுண்டு. அடுத்து சித்தி, பெரியப்பா, பக்கத்து வீடு என்று வரிசையாக அழைப்புகள். எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "எவ்வளவு மார்க்?"

என் அக்கா மகன் கணக்கில் 31 வாங்கியிருந்தான். தேர்ச்சிக்கு 35 வேண்டும். மற்றப் பாடங்களில் எல்லாம் பாஸ். அத்தான் செய்ததைத்தான் எல்லா வீட்டுக்கும் சொல்ல நினைக்கிறேன். வந்த அழைப்புகளை எல்லாம் அவரே எடுத்தார். "கணக்குல போயிடுச்சு. துணைத் தேர்வு எழுதுவான்" என்று சொல்லி வைத்துவிட்டார். பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. வீடு மறைக்கிறது என்றால், வெளியே சொல்ல முடியாத ஒன்றைச் செய்துவிட்டோம் என்றுதான் பிள்ளை எடுத்துக்கொள்ளும். அக்காவுக்கு அழுகை வந்தது; அழுதாள். ஆனால் "உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டோம்" என்ற வாக்கியம் அவள் வாயிலிருந்து வரவில்லை. அன்றைக்கு ஒரு பிள்ளையின் தலையில் இறக்கவே கூடாத சுமை அது.

'இனிமேல் செல் கிடையாது', 'படிப்பை நிறுத்து' போன்ற முடிவுகளும் அன்று வேண்டாம். கோபத்தில் எடுத்த முடிவை மறுநாள் நாமே மாற்றுவோம். பிள்ளைக்கு அந்தச் சொல் மட்டும் மறக்காது. அவனோடு தோற்ற நண்பன் ஒருவன் பேசக் கூப்பிட்டால் பேசட்டும். அவன் நிலைமை அந்த நண்பனுக்குத்தான் நன்றாகப் புரியும்.

காரணம் தேடும் வேலையை அக்காவும் அத்தானும் சில நாள் கழித்துத் தொடங்கினார்கள். மறுமதிப்பீடு கேட்பதென்றால் முதலில் விடைத்தாள் நகல் வாங்க வேண்டும். அதற்கான கெடு குறுகியது என்பதால் அத்தான் பள்ளியில் விசாரித்து விண்ணப்பித்துவிட்டார். கணக்குத் தேர்வில் எழுத்துக்கு 90 மதிப்பெண். அதில் ஐந்து மதிப்பெண் கேள்விகளுக்கு உரியது 35. நகலில் அந்தப் பகுதி பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. 'படிக்கவே இல்லை' என்று வீடு நினைத்திருந்தது. உண்மையில் அவன் சின்னக் கேள்விகளிலேயே தடுமாறி நேரத்தைத் தொலைத்திருந்தான். துணைத் தேர்வில் தவறிய பாடத்தை மட்டும் எழுதினால் போதும். எனவே நேரம் வைத்துப் பெரிய கணக்குகளைப் போட்டுப் பழகுவதே அவன் வேலையானது. ரிசல்ட் அன்றே அவனை நிறுத்தி விசாரித்திருந்தால் இது தெரிந்திருக்காது. "தெரியல" என்ற ஒரு பதில்தான் கிடைத்திருக்கும்.

ரிசல்ட் வந்த அன்று இரவு அவனைத் தனியே படுக்க விடவில்லை. அத்தான் பக்கத்திலேயே பாய் விரித்துக்கொண்டார். அழுகிற பிள்ளையைவிட, சாப்பிடாமல் "ஒண்ணுமில்ல" என்று கதவைச் சாத்திக்கொள்ளும் பிள்ளையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். "நான் இருந்து என்ன பயன்" என்பதுபோல் ஒரு சொல் வந்தால் அதட்டாதீர்கள், பேச்சை மாற்றாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தமிழ்நாட்டில் 104, நாடு முழுவதும் 14416 என்ற எண்களில் மனநல ஆலோசனை கிடைக்கும். பிள்ளை பேச மறுத்தால் பெற்றோரே அழைத்து, என்ன செய்வது என்று கேளுங்கள்.