லீவு எதிலிருந்து?

100 வார்டுகள் கொண்ட கோவை மாநகராட்சிக்கு 2022 பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. தேர்தல் அறிவிப்பு ஜனவரி 26 அன்று வந்தது. வேட்புமனுவைத் திரும்பப் பெறக் கடைசி நாள் பிப்ரவரி 7. பிரச்சாரம் 17ஆம் தேதி மாலையோடு முடிந்தது. களத்தில் நிற்பவர் யார் என்று உறுதியான பிறகு வாக்குக் கேட்கக் கிடைத்தது பத்து நாள்தான்.

அந்தப் பத்து நாளுக்குள், தன் தெருவில் நிற்கும் வேட்பாளருக்காக வீடு வீடாகப் போக விரும்பும் ஒரு மில் தொழிலாளியை எண்ணிப் பார்க்கலாம். அப்போது நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டப்படி, முந்தைய ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு, 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்தோடு விடுப்பு இருந்தது. ஆனால் 15 நாளுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. பிப்ரவரி 7 அன்று கேட்டால் விடுப்பு 22ஆம் தேதிதான் தொடங்கும். அது வாக்கு எண்ணும் நாள். அறிவிப்பு வந்த அன்றே கேட்டிருந்தால் 10ஆம் தேதியிலிருந்து கிடைத்திருக்கும். அன்றோ யார் நிற்பார் என்றே தெரியாது.

அதே சட்டம், நோய்க்காக எடுக்கும் விடுப்புக்கு இந்தக் கெடுவைத் தளர்த்தியது. பொய் நுழைவது இந்த இடத்தில்தான். உடம்பு நன்றாக இருக்கும்போது 'காய்ச்சல்' என்று எழுதிக் கொடுப்பது எளிது. ஆனால் அது நோயாளிக்கென்று வைத்த வழியை அடைப்பது. அடுத்த முறை உண்மையிலேயே காய்ச்சலில் கிடப்பவரின் கடிதத்தையும் சூப்பர்வைசர் சந்தேகத்தோடு பார்ப்பார். கெடு கடந்திருந்தாலும் காரணத்தை உள்ளபடி எழுதி, ஷிப்டை மாற்றிக்கொள்ள ஒருவரையும் ஏற்பாடு செய்துவிட்டுக் கேட்பதே நேர்மை. மறுப்பு வந்தால் வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் பிரச்சாரம் செய்யலாம்.

நிர்வாகத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வேண்டும் என்று அது பார்க்கலாம். எந்தக் கட்சிக்காக என்று பார்க்கக் கூடாது. முதலாளிக்குப் பிடித்த வேட்பாளர் என்றால் உடனே அனுமதி, இல்லையென்றால் 'ஆள் இல்லை' என்ற பதில் என்றால், அங்கே விடுப்பு உரிமையாக இல்லை, சலுகையாகிவிட்டது. இதைக் கண்டுபிடிக்க வருகைப் பதிவேடு போதும். பிரச்சாரத்துக்குப் போனவரின் கணக்கில் விடுப்பு நாள் குறைந்திருந்தால் அவர் தன் நேரத்தைக் கொடுத்திருக்கிறார். வேலைக்கு வந்ததாகக் குறித்திருந்தால், மில் தன் சம்பளத்தில் வேட்பாளருக்கு ஆள் அனுப்பியிருக்கிறது.

அரசு ஊழியரின் நிலை வேறு. மத்திய அரசின் 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளும் தமிழ்நாட்டு அரசின் 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளும், உள்ளாட்சித் தேர்தலிலும் ஊழியர் வாக்குச் சேகரிப்பதைத் தடுக்கின்றன. தற்செயல் விடுப்பில் இருக்கிறேன் என்பது இதற்கு விடையாகாது. விடுப்பு அன்றைய வேலையிலிருந்துதான் விடுவிக்கிறது, பதவியிலிருந்து அல்ல. தெருமுனைக் கூட்டத்துக்குக் காவல்துறை தந்த அனுமதியை விடுப்புக் கடிதத்தோடு இணைத்தாலும் பயனில்லை. அது கூட்டம் நடத்தத் தந்த அனுமதி. அந்த ஊழியர் மேடையேறத் தந்தது அல்ல. ஆகவே, இணைத்த தாள் யாருக்கு, எதற்கு இசைவு தருகிறது என்று படித்துப் பார்க்கும் கடமை, கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும் உண்டு.

இந்தத் தடை குடிமகனின் குரலைப் பறிக்கிறதே என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. கொங்கு நாட்டு ஊராட்சிகளில் நிற்பவர் பெரும்பாலும் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமும் கிடையாது. உடன்பிறந்த அண்ணனுக்காக நாலு வீட்டில் ஒரு வார்த்தை சொல்வது தவறா என்று மனம் அடித்துக்கொள்ளும்.

ஆனால் அந்த நாலு வீட்டுக்காரர்கள் நாளைக்கு யாரிடம் போவார்கள்? வாக்குக் கேட்பவர் கிராம நிர்வாக அலுவலர் என்றால், சான்றிதழுக்கு அவரிடமே போக வேண்டும். கேட்பவர் 'தம்பியாக வந்தேன்' என்று நினைப்பார். கதவைத் திறப்பவருக்கு அலுவலர்தான் தெரிவார். மில் தொழிலாளியிடம் முகம் கொடுக்காமல் கதவைச் சாத்தலாம், இவரிடம் சாத்தத் தயங்குவார்கள். ஊர் சிறிதாகச் சிறிதாக இந்தத் தயக்கம் கூடும். அதனால் சட்டமன்றத் தேர்தலைவிட உள்ளாட்சித் தேர்தலில்தான் இந்தத் தடைக்கு நியாயம் அதிகம்.

2019 டிசம்பரில் நடந்த ஊரகத் தேர்தலில், தலைவர் பதவிக்கான இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டை வாக்காளர் கையில் கொடுத்தவர்களும் ஆசிரியர்கள் உள்ளிட்ட அரசு ஊழியர்களே. அந்தக் கை முந்தின வாரம் ஒருவருக்காகக் கும்பிட்டிருந்தால், சீட்டை வாங்குகிறவருக்கு நம்பிக்கை எப்படி வரும்? அண்ணனுக்குத் தரும் வாக்கை அந்த ஊழியர் யாரும் அறியாமல் பெட்டியில் போடலாம். அவருக்கு உள்ள உரிமை அது. மீதியை அண்ணனே கேட்டுக்கொள்ளட்டும்.