விளக்கை அணைத்துவிட்டுப் பையைத் திறங்கள்

வெள்ளிக்கிழமை கோவைக்குப் புறப்பட்டு, மறுநாள் இரவு பூண்டியிலிருந்து வெள்ளியங்கிரி ஏறப்போகிறோம். இது பிப்ரவரி. தாம்பரத்தில் போர்வை தேவைப்படாத நமக்கு, எதைச் சோதிக்க வேண்டும் என்பதே தெரியாமல் போவதுதான் ஆபத்து. 1,000 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். ஏழாவது மலையில் காற்றும் சேர்ந்துகொள்ளும்.

முதலில் காலணி. பரணில் ஓரிரு ஆண்டு கிடந்த மலையேற்றக் காலணி பார்வைக்குப் புதிதாகவே இருக்கும். பல காலணிகளில் அடித்தோலுக்கு மேலே பாலியூரித்தேன் நுரை அடுக்கு ஒன்று உண்டு. நம் ஊர்க் காற்றின் ஈரம் அந்த நுரையை உள்ளிருந்தே அரித்துவிடும். அணியாமல் வைத்திருந்தாலும் அரிக்கும். கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள், காலணியை நன்றாக வளைத்துப் பாருங்கள். வெடிப்பு தெரிந்தாலோ, தூள் உதிர்ந்தாலோ விட்டுவிடுங்கள். பசை போட்டுப் பயனில்லை, பசை பிடிக்க வேண்டிய நுரையே போய்விட்டது. வெடிப்பு இல்லாவிட்டாலும், நிறைந்த பையைச் சுமந்து அடுக்குமாடிப் படிகளில் ஒரு மணி நேரம் ஏறி இறங்குங்கள். கழன்றுவிழ வேண்டிய அடித்தோல் இங்கேயே விழட்டும்.

அடுத்தது சட்டை. குளிர் என்றதும் கனமான ஸ்வெட்டரைத் தேடுகிறோம். ஏறும்போது நம்மை நனைப்பது வியர்வைதான். பருத்திச் சட்டை அதைக் குடித்துவிட்டு உலராமல் உடம்போடு ஒட்டியிருக்கும். உச்சியில் விடியலுக்காக உட்கார்ந்ததும் காற்று அந்த ஈரத்தின் வழியாக உடம்புச் சூட்டை உறிஞ்சும். ஆகவே எளிதில் உலரும் சட்டையில் ஏறுங்கள். ஸ்வெட்டர் பைக்குள் இருக்கட்டும். தண்ணீர் புகாத உறைக்குள் மாற்றுச் சட்டை ஒன்றும் காற்றுத் தடுப்பு மேலுடையும் கட்டாயம். நடுங்குகிறவர் பேச்சு குழறினாலோ ஜிப்பை இழுக்கத் தடுமாறினாலோ, உடனே நனைந்ததைக் கழற்றி உலர்ந்ததை மாட்டிவிட வேண்டும்.

தலைவிளக்கை ஒரு மணி நேரம் எரியவிட்டுப் பாருங்கள். குளிரில் பேட்டரியின் திறன் குறையும். மாற்று பேட்டரியைச் சட்டைக்குள், உடம்போடு ஒட்டி வையுங்கள்.

ஒருவரின் விளக்கு அணைந்தால், இரண்டு பேர் ஒரே வெளிச்சத்தில் நடப்பார்கள். வேகம் குறையும், முன்னே போனவர்கள் நின்று காத்திருப்பார்கள், நிற்பவர்களின் வியர்வை குளிரும். பழுதான பேட்டரி யாரோ ஒருவர் பையில். நடுங்குவதோ அதைப் பார்த்தேயிராத இன்னொருவர். இரவு மலையில் தனக்கு மட்டுமான பொருள் என்று எவரிடமும் எதுவும் இல்லை. என் பையை நான் சோதிப்பது உங்கள் உயிருக்காகவும்தான்.

இன்றிரவு அறை விளக்கை அணைத்துவிட்டு, தலைவிளக்கு, மாற்றுச் சட்டை, மேலுடை மூன்றையும் கையால் தடவியே எடுத்துப் பாருங்கள். காலணி உதிர்ந்தவர்கள் நாளைக்கே சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் இரவல் கிடைக்கும், ஐந்தாவது மலையில் கிடைக்காது.